தேடுபவர் தட்டும் சொல்லும் வீடியோவில் இருக்கும் விஷயமும்: தலைப்பு, விவரம் எழுதும் பயிற்சிக்கு ஒரு தொடக்க உரை

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பயிற்சியில் யூடியூபில் ஏற்றும் வீடியோவுக்குத் தலைப்பும் அதன் கீழே வரும் விவரமும் எழுதப் பழகப்போகிறோம். பொதுவாகப் பேசினால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும், எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. அதனால் ஒரே ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு, அதற்குத் தலைப்பு உருவாகும் வரை உடன் நடப்போம்.

அந்த வீடியோ 8 நிமிடம் 40 வினாடி ஓடுகிறது. திறந்த கிணற்றின் மேல் வைத்த மோனோபிளாக் மோட்டார். சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, ஆனால் டெலிவரி பைப்பில் தண்ணீர் வரவில்லை. எடுத்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. மூட்டுகளில் எங்கும் கசிவு இல்லை. ஆகவே கிணற்றுக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லை என்று சொல்கிறார். குழாயை மேலே இழுத்து, வால்வைக் கழற்றி, தேய்ந்த வாஷரைக் காட்டி, புதிய வாஷர் போட்டு, திரும்ப இறக்குகிறார். மறுபடி தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் காத்திருக்கிறார். மட்டம் இறங்கவில்லை. மோட்டாரைப் போடுகிறார், தண்ணீர் வருகிறது. வீடியோ முடிகிறது.

நல்ல வீடியோ. இதற்கு முதலில் வைக்கத் தோன்றும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “விவசாயிகளே, இந்த ரகசியம் தெரிஞ்சா இனி மெக்கானிக்கே வேண்டாம்!!”

இந்தத் தலைப்பில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, தண்ணீர் வராமல் கிணற்று மேட்டில் நிற்கிறவர் “ரகசியம்” என்று தேடமாட்டார். அவர் தட்டும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை: மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை, கிணறு இல்லை, வால்வு இல்லை. இரண்டாவது, மெக்கானிக் வேண்டாம் என்பது பொய். வைண்டிங் எரிந்தால் மெக்கானிக் வேண்டும், பேரிங் போனால் மெக்கானிக் வேண்டும். வீடியோ காட்டுவது ஒரு வாஷர் மாற்றும் வேலை மட்டும்தான்.

இந்த இரண்டு குறைகளையும் தனித்தனியாகப் பார்க்கிறவர்கள் உண்டு. “நேர்மையாக எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள், கொஞ்சம் ஏற்றிச் சொன்னால்தான் ஓடும்” என்பார்கள். தேடி வருகிற பார்வையாளர் விஷயத்தில் இது தவறு. ஏன் என்று தெரிந்துகொள்ள, தேடல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தேடல் எதைப் பார்க்கிறது

தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களை முக்கியமாகப் பார்ப்பதாக யூடியூபே சொல்கிறது. ஒன்று, பொருத்தம்: தலைப்பும் விவரமும் டேக்கும் வீடியோவின் உள்ளடக்கமும் தேடிய சொல்லோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. இரண்டாவது, ஈடுபாடு: அதே சொல்லைத் தேடி வந்தவர்கள் அந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது இதில் சேரும். மூன்றாவது, தரம்: அந்தச் சேனல் அந்தத் துறையில் நம்பத்தக்கதா என்பதற்கான அடையாளங்கள்.

இரண்டாவதைக் கவனியுங்கள். வீடியோவுக்கு மொத்தமாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு கணக்கு முடியவில்லை. “மோட்டார் தண்ணி வரல” என்று தட்டி வந்தவர்கள் தங்கினார்களா, வந்த வேகத்தில் திரும்பினார்களா என்பதும் கணக்கில் வருகிறது. தேடி வருகிறவர் கையில் ஒரு கேள்வியோடு வருகிறார். தன் மோட்டார் மாதிரியே இருக்கிறதா, தன் பிரச்சினைதானா என்று முதல் அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார். இல்லை என்றால் பின்னால் போய் அடுத்த வீடியோவைத் தொடுவார். பொய்த் தலைப்பு அவரைக் கூட்டிவரும், ஆனால் பிடித்து வைக்காது. இப்படி வந்து திரும்புகிறவர்கள் கூடக் கூட, அந்தச் சொல்லுக்கு அந்த வீடியோ பொருந்தவில்லை என்பதற்கான சாட்சி கூடிக்கொண்டே போகிறது. ஆகவே தேடலில் வர வேண்டுமானால் தலைப்பில் இரண்டும் வேண்டும்: தேடுபவரின் சொல், வீடியோவின் உண்மை.

முகப்புப் பக்கத்தில் தானாக வந்து நிற்கும் வீடியோக்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே யாரும் எதையும் தட்டுவதில்லை, ஆவல் தூண்டும் தலைப்புக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் நீங்கள் எடுப்பது பழுது நீக்குவது, விதை நேர்த்தி, விண்ணப்பம் நிரப்புவது போன்ற வீடியோ என்றால் உங்கள் பார்வையாளர் பெரும்பாலும் தேடித்தான் வருவார். இரண்டு வருடம் கழித்தும் வருவார். இந்தப் பயிற்சி அந்த வகை வீடியோவுக்கானது.

தலைப்புக்கு முன் ஐந்து வரி

தலைப்புப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். இதை விட்டுவிட்டு நேராகத் தலைப்புக்குப் போகிறவர்கள்தான் “ரகசியம்” என்று முடிப்பார்கள். யாருக்கு, என்ன பிரச்சினை, என்ன செய்தோம், என்ன கிடைத்தது, எது இதில் இல்லை. நம் வீடியோவுக்கு எழுதிப் பார்ப்போம்.

யாருக்கு: திறந்த கிணற்றில் மோனோபிளாக் மோட்டார் வைத்திருப்பவருக்கு.
பிரச்சினை: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை.
செய்தது: ஃபுட் வால்வு கசிகிறதா என்று சோதித்து, வாஷர் மாற்றியது.
கிடைத்தது: ஊற்றிய தண்ணீர் 10 நிமிடம் இறங்காமல் நின்றது, மோட்டார் போட்டதும் தண்ணீர் வந்தது.
இதில் இல்லாதது: ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள், ஓடாத மோட்டார், வைண்டிங், மூட்டு வழியாகக் காற்று இழுப்பது.

நான்காவது வரியில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. வீடியோ அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் மோட்டார் எடுத்ததா என்று அதில் காட்டவில்லை. அப்படியானால் “நிரந்தரத் தீர்வு”, “இனி இந்தப் பிரச்சினையே வராது” என்று எழுத நமக்கு ஆதாரம் இல்லை. ஒரு வாரம் கழித்து அதே மோட்டாரை ஓட்டி ஒரு நிமிடம் படம் பிடித்துக் கடைசியில் சேர்த்திருந்தால், “ஒரு வாரம் கழித்தும் தண்ணீர் எடுக்கிறது” என்று எழுதலாம். வீடியோவில் காட்டியது எதுவோ அது வரைக்கும்தான் தலைப்பு போகலாம். “100%”, “கண்டிப்பாக”, “எல்லா மோட்டாருக்கும்” என்ற சொற்கள் வரும்போதெல்லாம் கையை நிறுத்தி, இதை எந்த நிமிடத்தில் காட்டியிருக்கிறோம் என்று கேளுங்கள். நிமிடம் சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

ஐந்தாவது வரியைப் பலர் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். தவறான ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அந்த வரிதான். சப்மெர்சிபிள் மோட்டார் வைத்திருப்பவர் நம் வீடியோவைத் திறந்தால் அவருடைய இரண்டு நிமிடம் வீண், நமக்கும் நட்டம்.

தேடுபவரின் சொல்லைக் கண்டுபிடிப்பது

இப்போது இரண்டாவது வரியை, அதாவது பிரச்சினையை, மக்கள் எந்தச் சொல்லில் தட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊகிக்க வேண்டாம். யூடியூப் தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டினாலே கீழே பட்டியல் விழும். அதில் வருவது பிறர் தேடியவற்றின் அடிப்படையில் வருகிறது. ஆனால் உங்கள் சொந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பழைய தேடல்களும் கலந்துவிடும். அதனால் பிரவுசரில் மறைநிலைச் சாளரம் திறந்து, கணக்கில் நுழையாமல் பாருங்கள்.

ஒரே பிரச்சினையைத் தமிழர்கள் மூன்று விதமாகத் தட்டுகிறார்கள். முறையான எழுத்துத் தமிழில் “மோட்டார் தண்ணீர் வரவில்லை”. பேசுகிற மாதிரி “மோட்டார் தண்ணி வரல”, “மோட்டார் தண்ணி எடுக்கல”, “ஏர் பிடிக்குது”. ஆங்கில எழுத்தில் `motor thanni varala`, `motor air lock`, `foot valve repair`. மூன்றையும் தட்டிப் பார்த்து, பட்டியலில் விழுவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தில் யூடியூப் தேடலை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு சொற்களை ஒப்பிடவும் முடியும். ஆனால் நம்முடையது போன்ற குறுகிய விஷயங்களுக்கு அங்கே போதிய தரவு இல்லை என்றே பல சமயம் வரும். அதற்காக அந்தச் சொல்லை யாரும் தேடவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு விஷயம் இதில் முக்கியம். பிரச்சினை வந்தவருக்கு ஃபுட் வால்வு கெட்டது என்று தெரியாது. தெரிந்தால் தேடவே வந்திருக்கமாட்டார், நேராகக் கடைக்குப் போயிருப்பார். அவருக்குத் தெரிந்தது அறிகுறி மட்டும்: ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. நமக்கு விடை தெரிந்திருப்பதால் நம் கை தானாக விடையைத்தான் தலைப்பில் எழுதும், “ஃபுட் வால்வு வாஷர் மாற்றும் முறை” என்று. அது பொய் இல்லை. ஆனால் அறிகுறியோடு வருகிறவர் கண்ணில் படாது. அறிகுறி முன்னால், விடை பின்னால் என்று வைத்துக்கொண்டால் இருவகை ஆட்களும் வருவார்கள்.

சொல் கிடைத்ததும் அதைத் தேடி, மேலே வருகிற பத்து வீடியோக்களைப் பாருங்கள். பார்க்க வேண்டியது அவர்கள் தலைப்பின் பகட்டை அல்ல, அவை எந்த மோட்டாரைப் பற்றியவை என்பதை. `motor air lock` என்று தேடும்போது வீட்டு மாடித் தொட்டிக்கான சிறு மோட்டார்களே வரிசையாக வருகின்றன என்றால், அந்தச் சொல்லைத் தட்டுகிறவர்கள் வேறு கூட்டம். அந்தச் சொல் நமக்கு வேண்டாம். நிறையப் பேர் தேடும் சொல் என்பதற்காக அதைச் சேர்த்தால், மேலே சொன்னது போல வந்து திரும்புகிறவர்கள்தான் கூடுவார்கள்.

தலைப்பைக் கட்டுவது

தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 எழுத்து. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினி உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணாது. “மோட்டார்” என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு மெய்யும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி என்பதால் எட்டு. அதனால் 100 என்று போட்டிருந்தாலும் தமிழில் 55, 60 எழுத்தைத் தாண்டும்போதே இடம் தீர்ந்துபோகலாம். தலைப்பில் < > என்ற குறிகளை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள், அம்புக்குறி மாதிரி போடப் பார்த்தால் பிழை காட்டும். இன்னொன்று, பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியதை வெட்டி ஒட்டினால் திரையில் ஆங்கிலக் குப்பையாக வரும். தலைப்பும் விவரமும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும்.

இடம் 100 இருந்தாலும் கைபேசியில் தேடல் முடிவில் முழுத் தலைப்பும் தெரிவதில்லை, நீளமானால் கடைசியில் புள்ளி வைத்து வெட்டிவிடும். அதனால் முதல் நான்கைந்து சொல்லிலேயே ஆளுக்குத் தன் பிரச்சினை தெரிய வேண்டும். சேனல் பெயர், “பாகம் 2”, தேதி, “விவசாயிகளே” என்ற விளிப்பு, இவற்றை முன்னால் வைத்தால் விலை உயர்ந்த இடம் அதிலேயே போய்விடும்.

நம் ஐந்து வரியிலிருந்து வரும் தலைப்பு இது:

“மோட்டார் ஓடுது, தண்ணி வரல: கிணற்று மோனோபிளாக் ஃபுட் வால்வு வாஷர் மாற்றுவது | motor thanni varala”

கணினிக் கணக்கில் இது 96 எழுத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “ஓடுது” என்பதால் மோட்டாரே ஓடாதவர் திரும்பிப் போவார். “தண்ணி வரல” என்பது அவர் தட்டிய அதே சொல். “கிணற்று மோனோபிளாக்” என்பதால் சப்மெர்சிபிள் வைத்திருப்பவர் திறக்கமாட்டார். “ஃபுட் வால்வு வாஷர் மாற்றுவது” என்பது வீடியோவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறது. தண்ணீர் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம், நாம் காட்டுவது இந்த ஒன்றை மட்டும் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. ஆங்கில எழுத்துத் தமிழைக் கடைசியில் வைத்தது, கைபேசி அதை வெட்டினாலும் படிக்கிறவருக்கு எதுவும் குறையாது என்பதால்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எழுதலாம். தலைப்பில் பேச்சுவழக்கை வைத்து, விவரத்தில் எழுத்துத் தமிழை வைத்தால் இரண்டு விதமாகத் தேடுபவரும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் எழுத்துப்பிழை வேறு. “மோட்டர்”, “மேட்டார்” என்று தவறாகத் தட்டுகிறவர்களுக்காகத் தலைப்பைத் தவறாக எழுதாதீர்கள். அப்படிப்பட்ட பிழை வடிவங்களுக்குத்தான் டேக் பெட்டி இருக்கிறது. பொதுவாகப் பிழையாகத் தட்டப்படும் சொற்களுக்கு டேக் உதவும் என்றும், மற்றபடி வீடியோ கண்டுபிடிக்கப்படுவதில் அதன் பங்கு மிகக் குறைவு என்றும் யூடியூபே சொல்கிறது. ஐந்தாறு டேக் போதும். அதில் அரை மணி நேரம் செலவழிக்க வேண்டாம்.

முகப்புப் படத்தில் எழுதும் சொல்லும் தலைப்போடு ஒத்துப்போக வேண்டும். தலைப்பில் உண்மையை எழுதிவிட்டு, படத்தில் குழாயிலிருந்து கரைபுரண்டு ஓடும் வேறு யாருடைய தண்ணீரையோ ஒட்டினால் தலைப்பின் நேர்மை வீணாகும். கழற்றிய வால்வையும் தேய்ந்த வாஷரையும் கையில் வைத்து எடுத்த படமே இதற்குப் போதும்.

விவரம்

விவரத்துக்கு 5,000 எழுத்து வரை இடம் தருகிறார்கள். நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வீடியோவைத் திறந்தவருக்கு முதலில் தெரிவது தொடக்க வரிகள் மட்டும், மீதியைத் தொட்டு விரித்தால்தான் தெரியும். பலருடைய விவரத்தில் அந்த முதல் வரிகளில் “சப்ஸ்கிரைப் செய்யுங்கள்” என்பதும் நான்கு இணைப்புகளும்தான் இருக்கின்றன. அங்கே விடை இருக்க வேண்டும். நம் வீடியோவுக்கு:

“மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை. திறந்த கிணற்று மோனோபிளாக் மோட்டாரில் ஃபுட் வால்வு கசிகிறதா என்று சோதித்து, தேய்ந்த வாஷரை மாற்றும் முறையை இதில் முழுமையாகக் காட்டியிருக்கிறோம். சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இது பொருந்தாது.”

வீடியோவைப் பார்க்காமலே ஒருவர் இதைப் படித்துத் தனக்கு உரியதா என்று முடிவு செய்துவிடலாம்.

அடுத்து எச்சரிக்கை. விவசாய மோட்டார்கள் பலவற்றில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும், கரண்ட் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பித்துவிடும். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அப்படி நடந்தால் உயிருக்கு ஆபத்து. “ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்தினால் போதாது, மெயின் சுவிட்சையே அணைத்த பிறகு குழாயைத் தொடுங்கள்” என்ற வரி விவரத்தில் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரை ஓட விட்டால் சீல் கெடும் என்பதையும் சேர்க்கலாம். செய்முறை வீடியோவில் ஆபத்தை மறைப்பதும் ஒரு பொய்தான்.

பிறகு நேரக் குறிப்பு. இதற்கு விதி உண்டு: முதல் குறிப்பு 00:00 என்றே தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் இருக்க வேண்டும், ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் வீடியோவின் ஓட்டப்பட்டை பகுதிகளாகப் பிரியாது. பெரும்பாலும் தவறுவது முதல் விதி, 00:15 என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம் வீடியோவுக்கு இப்படி வரும்:

```
00:00 மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை
00:35 தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது
02:10 மெயின் சுவிட்சை அணைத்துக் குழாயை எடுப்பது
04:05 வாஷர் மாற்றுவது
06:20 திரும்ப இறக்கி 10 நிமிடச் சோதனை
07:50 தண்ணீர் வருகிறது
```

10 நிமிடச் சோதனை 90 வினாடிக்குள் எப்படி அடங்கும் என்று கூர்மையாகப் பார்க்கிறவர் கேட்பார். நடுவில் வெட்டியிருக்கிறோம். அப்படியானால் அதைத் திரையிலும் விவரத்திலும் சொல்ல வேண்டும்: “காத்திருந்த நேரம் வெட்டப்பட்டுள்ளது”. தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரத்தைக் காட்டியிருந்தால் இன்னும் நல்லது.

அதன் கீழே, என்னென்ன கருவி தேவைப்பட்டது, எந்த அளவு குழாய் என்ற விவரம். குழாயின் அளவு மாறினால் வாஷரும் மாறும் என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் கருத்துப் பகுதியில் அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். பிறகு, வாஷர் மாற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் வேறு என்ன காரணமாக இருக்கலாம் என்று ஒரு பத்தி: உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று இழுப்பது, கிணற்றின் நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே ஏறக்குறைய 7 மீட்டருக்கும் ஆழமாகப் போயிருப்பது, மும்முனை மோட்டாரில் கம்பி மாறித் தலைகீழாகச் சுற்றுவது. “இவை இந்த வீடியோவில் இல்லை” என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இந்தப் பத்தி ஏமாற்று வேலை ஆகாதா என்றால், ஆகாது. இல்லை என்று சொல்லியே எழுதுகிறோம், படிக்கிறவருக்கு அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரிகிறது.

வாஷரை யாராவது இலவசமாகக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார்கள் என்றால், ஏற்றும்போதே விளம்பரத் தொடர்பு இருப்பதைத் தெரிவிக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும், விவரத்திலும் ஒரு வரி எழுத வேண்டும்.

ஹேஷ்டேக் மூன்று போதும். விவரத்தில் போடுவதில் மூன்றுதான் தலைப்பின் அருகே தெரியும். 60-க்கு மேல் போனால் யூடியூப் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும்.

செய்யக்கூடாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதைத்தான் பலர் உத்தி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். விவரத்தின் அடியில் “motor repair, submersible, borewell, solar pump, மானியம்” என்று சம்பந்தமில்லாத சொற்களைக் கொட்டுவது. பிரபலமான நடிகர் பெயரையோ, பரபரப்பான செய்தியையோ சேர்ப்பதும் இதே வகை. விவரத்தில் டேக்குகளைக் குவிப்பதும், தலைப்பாலும் படத்தாலும் திசைதிருப்புவதும் யூடியூப் விதிகளுக்கு எதிரானவை. முதல் முறை பொதுவாக எச்சரிக்கை வரும். அதன் பிறகு 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். தலைப்பில் ஒன்றைச் சொல்லி வீடியோவில் அதைத் தராதவற்றின் மேல், குறிப்பாகச் செய்தி சார்ந்தவற்றின் மேல், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்குவதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

இன்னொரு தவறு சோம்பலால் வருவது. ஸ்டுடியோவில் எல்லா வீடியோவுக்கும் ஒரே விவரம் தானாக நிரம்பும்படி அமைக்க முடியும். தொடர்பு விவரத்துக்கு அது வசதி. ஆனால் அதையே முழு விவரமாக விட்டுவிட்டால் நாற்பது வீடியோவுக்கும் ஒரே பத்தி இருக்கும், எதற்கு எது என்று தேடலுக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது.

ஏற்றிய பிறகு

தலைப்பு அன்றோடு முடிந்துபோவதில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எப்போது மாற்றுவது என்பதற்கு மூன்று எண்களைப் பாருங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிட்டிக்ஸைத் திறந்து, பார்வையாளர் வந்த வழிகளில் YouTube search என்பதைத் தொட்டால் மக்கள் என்ன தட்டி வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். தலைப்பைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் தொட்டார்கள் என்பது இரண்டாவது. 30-வது வினாடியில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மூன்றாவது.

தொடுபவர் சதவீதம் சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு 2 முதல் 10 வரை இருக்கும் என்று யூடியூப் சொல்கிறது. ஆனால் வீடியோ ஏறி ஒரு வாரம் ஆகவில்லை என்றாலோ, 100 பார்வைகூட இல்லை என்றாலோ அந்த எண் தாறுமாறாக ஏறி இறங்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிறையப் பேர் தொடுகிறார்கள், 30 வினாடிக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே தலைப்பைக் குறை சொல்லாமல், தட்டிய சொற்களைப் பாருங்கள். சொற்களில் “சப்மெர்சிபிள்” நிறைய இருந்தால் தலைப்போ படமோ தவறான ஆளைக் கூட்டிவருகிறது. சொற்கள் எல்லாம் “மோட்டார் தண்ணி வரல” என்று சரியாகவே இருந்தால் தலைப்பில் தவறில்லை. தொடக்கத்தில் ஒரு நிமிட வணக்கமும் சேனல் இசையும் ஓடியிருக்கும், ஆள் பொறுமை இழந்திருப்பார். அதற்கு மருந்து வீடியோவின் தொடக்கத்தில் இருக்கிறது.

சொற்கள் சரியாக இருந்தும் தொடுபவர் குறைவு என்றால் தலைப்பின் முதல் நான்கைந்து சொல்லையும் முகப்புப் படத்தையும் பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

நீங்கள் நினைக்காத சொல் ஒன்று பட்டியலில் வந்து நிற்பதும் உண்டு. “மோட்டார் காலையில் மட்டும் தண்ணி எடுக்கல” என்று சிலர் தேடி வந்திருக்கிறார்கள் என்றால், இரவெல்லாம் வால்வு கசிந்து குழாய் காலியாகிவிடுகிறது என்று பொருள். நம் வீடியோவின் விடை அவர்களுக்கும் பொருந்தும். அந்த அறிகுறியை விவரத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்க்கலாம். அதே பட்டியலில் சப்மெர்சிபிள் தேடல் நிறைய வருகிறது என்றால், அந்தச் சொல்லை இந்தத் தலைப்பில் சேர்க்கக்கூடாது. அது அடுத்த வீடியோவுக்கான விஷயம்.

இப்போது ஆளுக்கொரு தாள் தருகிறோம். ஏற்கனவே ஏற்றிய உங்கள் வீடியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைப்பைப் பார்க்காமல் அந்த ஐந்து வரியை எழுதுங்கள். எழுதியதும் பக்கத்தில் இருப்பவரிடம் தாளை மட்டும் கொடுங்கள், வீடியோவைக் காட்ட வேண்டாம். இந்தப் பிரச்சினை தனக்கு வந்தால் தேடல் பெட்டியில் என்ன தட்டுவார் என்று அவர் தன் கையால் தாளின் அடியில் எழுதட்டும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அடுத்த அமர்வில் தலைப்பு எழுதத் தொடங்குவோம்.